பால் சூடாக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு எத்தனை பிளேட்? 16-க்கும் 21-க்கும் நடுவில் என்ன இருக்கிறது

கேள்வி: "அண்ணாச்சி, வள்ளியூர் பக்கம் சின்னதா ஒரு பால் யூனிட் போடுறோம். மணிக்கு 2000 லிட்டர் பாலை பல்க் கூலரிலிருந்து 5 டிகிரியில் எடுத்து 72 டிகிரிக்குச் சூடாக்கணும். ஹாட் வாட்டர் 85 டிகிரி, மணிக்கு 4000 லிட்டர். ஒரு பிளேட் 0.12 சதுர மீட்டர். U 3000-னு வச்சு நான் போட்டா 16 பிளேட் வருது. சப்ளையர் 21 பிளேட்டுக்கு கொட்டேஷன் தந்திருக்கார். அஞ்சு பிளேட் எதுக்குக் கூட? ஏமாத்துறாரா?"

தம்பி, ஏமாற்றுகிற மாதிரி தெரியவில்லை. உங்கள் கணக்கிலும் கூட்டல் கழித்தல் தப்பு இல்லை. 16 என்பது பரப்பை மட்டும் பார்த்து வந்த எண். அதிலிருந்து ஃப்ரேமில் உண்மையாக மாட்டும் எண்ணுக்குப் போக இரண்டு மூன்று படி இருக்கிறது. அதை நீங்கள் சொன்ன எண்களையே வைத்துச் சொல்கிறேன். பால் யூனிட் இயந்திரங்களோடு பல வருடமாகப் புழங்குகிறவன் என்பதால், இந்தக் கணக்கில் எது கல்லில் எழுதியது, எது கை ஊகம் என்பதையும் பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சூத்திரங்கள். இவை உங்களுக்குத் தெரிந்தவைதான். படிக்கிற மற்றவர்களுக்காகப் போடுகிறேன்.

```
Q    = m × cp × (T2 − T1)
LMTD = (ΔTa − ΔTb) / ln(ΔTa / ΔTb)
A    = Q / (U × LMTD)
N    = A / a + 2
```

இதில் Q வெப்பச் சுமை, m நொடிக்கு ஓடும் எடை, cp தன்வெப்பம், T1-ம் T2-ம் பால் நுழையும், வெளியேறும் சூடு. ΔTa, ΔTb இரண்டு முனைகளிலும் உள்ள வெப்பநிலை வித்தியாசம், LMTD என்கிற எல்எம்டிடி அவற்றின் மடக்கைச் சராசரி. U என்பது ஒரு சதுர மீட்டர் பிளேட் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் கடத்தும் என்பது. A தேவைப்படும் மொத்தப் பரப்பு, a ஒரு பிளேட்டின் பரப்பு, N பிளேட் எண்ணிக்கை.

2000 லிட்டர் பால் என்றால் எடையில் ஏறக்குறைய 2060 கிலோ. நொடிக்கு 0.572 கிலோ. பாலின் தன்வெப்பம் 3.9 கிலோஜூல். 5-லிருந்து 72 வரை 67 டிகிரி ஏற வேண்டும். மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 149.5 கிலோவாட். இதுதான் வெப்பச் சுமை. இந்த வெப்பத்தை ஹாட் வாட்டர் இழக்க வேண்டும். மணிக்கு 4000 கிலோ தண்ணீர் இவ்வளவு வெப்பத்தை இழந்தால் 32 டிகிரி இறங்கும். ஆக 85-ல் நுழைந்து 53-ல் வெளியே வரும். பாலும் தண்ணீரும் எதிரெதிராக ஓடும்போது ஒரு முனையில் வித்தியாசம் 85 − 72 = 13, இன்னொரு முனையில் 53 − 5 = 48. எல்எம்டிடி 26.8 டிகிரி வருகிறது. இதுவரை உள்ளது எல்லாம் உறுதியான கணக்கு. யார் போட்டாலும், எந்தக் கம்பெனி பிளேட்டை வைத்தாலும் இதுதான் வரும். U 3000 என்று வைத்தால் பரப்பு 1.86 சதுர மீட்டர். 0.12-ஆல் வகுத்தால் 15.5. உங்கள் 16 அங்கிருந்துதான் வருகிறது.

இனி அந்த 16-ஐப் பார்ப்போம். பிளேட்டின் இரண்டு முகத்திலும் திரவம் ஓடினால்தான் அது வெப்பத்தைக் கடத்தும். ஃப்ரேமில் முதல் பிளேட்டுக்கும் கடைசி பிளேட்டுக்கும் ஒரு பக்கம்தான் திரவம், மறுபக்கம் இரும்புத் தட்டு. அவை இரண்டும் மாட்டியே ஆக வேண்டும், ஆனால் வேலை செய்யாது. அதற்குத்தான் கடைசி சூத்திரத்தில் கூட்டல் இரண்டு. ஆக உங்கள் 16 இப்போதே 18 ஆகிவிட்டது.

18 பிளேட் என்றால் நடுவில் 17 சந்து. கடையில் இதைச் சேனல் என்பார்கள். ஒன்று விட்டு ஒன்றில் பாலும் தண்ணீரும் ஓடும். 17-ஐப் பகிர்ந்தால் ஒருவருக்கு 9, ஒருவருக்கு 8. ஓடவே ஓடாது என்றில்லை, ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதுதான் வழக்கம். அதற்குச் சேனல் இரட்டைப்படையாக, பிளேட் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். 19 பிளேட் போட்டால் 18 சேனல், ஆளுக்கு 9. சரி, அப்போ 19 போதுமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்பது சேனலிலும் பால் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடினால் போதாது. இந்தக் கணக்கின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

U என்பது பிளேட்டோடு பிறந்த எண் அல்ல. அந்தச் சந்துக்குள் பால் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். உங்கள் பிளேட் 0.12 சதுர மீட்டர் என்பதால் அகலம் 20 சென்டிமீட்டர், உயரம் 60 சென்டிமீட்டர், இடைவெளி 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த அளவுப் பிளேட்டுக்கு இது நியாயமான கணிப்பு. ஒரு சேனலின் குறுக்குப் பரப்பு 0.0006 சதுர மீட்டர். சப்ளையர் சொன்ன 21 பிளேட்டில் பாலுக்குப் பத்துச் சேனல் வரும். நொடிக்கு 0.556 லிட்டர் பால் அந்தப் பத்திலும் பிரிந்தால், ஒவ்வொன்றிலும் வேகம் நொடிக்கு 9 சென்டிமீட்டர்தான். அதே பாலை ஐந்து சேனலில் மேலே அனுப்பி, அப்புறம் திருப்பி அடுத்த ஐந்து சேனலில் கீழே கொண்டுவந்தால் வேகம் 18 சென்டிமீட்டருக்கு மேல். பிளேட் ஒன்றுகூடக் கூடவில்லை, வேகம் மட்டும் இரட்டிப்பு. இப்படித் திருப்பி விடுவதைத்தான் இரண்டு பாஸ் என்கிறோம்.

வேகம் என்ன செய்யும்? பிளேட்டை ஒட்டி மெல்லிய ஏடு போல ஒரு திரவப் படலம் நகராமல் நிற்கும். வெப்பம் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். வேகம் கூடினால் அந்தப் படலம் மெலியும். பிளேட்டின் நெளிவு வழியாக ஓடும் திரவத்துக்கு, வெப்பக் கடத்தல் வேகத்தின் 0.65 படியாக ஏறுகிறது என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணிப்பு. அதை வைத்து நான் போட்ட வெப்பத் தடைகளைப் பத்தாயிரத்தால் பெருக்கிச் சொல்கிறேன், படிக்க எளிதாக இருக்கும். இரண்டு பாஸ், பாஸுக்கு ஐந்து சேனல் என்றால் பால் பக்கப் படலத்தின் தடை 2.0, தண்ணீர் பக்கம் 0.9, 0.6 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகட்டின் தடை 0.4. கூட்டினால் 3.3. பத்தாயிரத்தை இதால் வகுத்தால் U ஏறக்குறைய 3050. ஆக நீங்கள் வைத்த 3000 கற்பனை இல்லை. ஆனால் அது இரண்டு பாஸில், கழுவித் துடைத்த பிளேட்டில் கிடைக்கும் எண்.

அதே பத்துச் சேனலையும் ஒரே பாஸாக விட்டால் பால் பக்கத் தடை 3.1, தண்ணீர் பக்கம் 1.4, தகடு அதே 0.4. மொத்தம் 4.9. U 2050 பக்கம் விழுந்துவிடும். அப்போது 21 பிளேட் போட்டாலும் பால் 68 டிகிரிக்கு மேல் ஏறாது. உடனே சிலர் என்ன செய்வார்கள் என்றால், இன்னும் நாலு பிளேட் சொருகுவார்கள். சேனல் கூடும், பால் இன்னும் பிரியும், வேகம் இன்னும் குறையும், U இன்னும் இறங்கும். ஒரே பாஸில் பிளேட்டை இரட்டிப்பாக்கினால் பரப்பு இரட்டிப்பாகும், ஆனால் U மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கையில் மிஞ்சுவது 30 சதவீதம் லாபம்தான். உங்கள் வேலையை ஒரே பாஸில் முடிக்க வேண்டும் என்றால், அழுக்குக்கு இடம் விடாமலே 30 பிளேட்டைத் தாண்டிவிடும். பரப்பை U-வால் வகுக்கும் சூத்திரம் மட்டும் வைத்திருப்பவருக்கு இது கண்ணில் படாது. காரணம், அதில் U ஒரு நிலையான எண் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதனால் எத்தனை பிளேட் என்பதை ஒரே மூச்சில் போட முடியாது. ஒரு U-வை எடுத்துப் பிளேட் எண்ணிக்கை போட்டு, அந்த எண்ணிக்கையில் வேகம் என்ன என்று பார்த்து, அந்த வேகத்துக்கு U என்ன என்று திரும்பக் கணக்கிட்டு, எடுத்த U-வும் வந்த U-வும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது சப்ளையரின் 21-க்கு வருவோம். இரண்டு பக்கமும் இரண்டு பாஸ், பாஸுக்குப் பாஸ் சமமாக இருக்க வேண்டும் என்றால் சேனல் எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். 16 சேனல் என்றால் 17 பிளேட், அதில் வேலை செய்வது 15, பரப்பு 1.80. நீங்கள் வைத்த U 3000-க்குத் தேவை 1.86, எட்டவில்லை. அடுத்த படி 20 சேனல், 21 பிளேட், வேலை செய்வது 19, பரப்பு 2.28. நடுவில் நிற்க இடம் இல்லை. பால் பக்கம் இரண்டு பாஸ், தண்ணீர் பக்கம் ஒரு பாஸ் என்று போட்டால் எண்ணிக்கையில் கொஞ்சம் விளையாடலாம். ஆனால் அப்போது ஒரு பாஸில் பாலும் தண்ணீரும் ஒரே திசையில் ஓடும், எல்எம்டிடி முழுதாகக் கிடைக்காது. 72-ஐத் தொட வேண்டிய உங்கள் வேலைக்கு அது ஒத்துவராது. இரண்டுக்கு இரண்டு பாஸிலும், பாஸ் திரும்புகிற இடத்தில் உள்ள ஒரு பிளேட்டில் மட்டும் இரண்டும் ஒரே திசையில் ஓடும். சில சதவீதம்தான் போகும் என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக, 19 பிளேட் வேலை செய்யும்போது 72 டிகிரி வர U 2450 இருந்தாலே போதும். தடையில் சொன்னால் 4.1. சுத்தமான பிளேட்டின் தடை 3.3. மிச்சம் 0.8. அழுக்குப் படிவதற்காக விட்ட இடம் இந்த 0.8-தான். நீங்கள் 'அஞ்சு பிளேட் கூட' என்றீர்களே, அதில் இரண்டு முனைப் பிளேட், மீதி மூன்று இந்த இடம்.

இந்த 0.8 பெரிதா சிறிதா என்று பாருங்கள். பாலில் உள்ள பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் 70 டிகிரியைத் தாண்டினால் சுருள் விரிந்து சூடான பிளேட்டில் ஒட்டும், கூடவே கால்சியம் பாஸ்பேட்டும் படியும். எவ்வளவு படியும் என்பதைத் தீர்மானிப்பது பாலின் சூடு மட்டுமல்ல, பிளேட்டின் சூடும்தான். ஹாட் வாட்டர் சூட்டை ஏற்ற ஏற்றப் படிவும் ஏறும். மறுபக்கம் தண்ணீர். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, குடத்தின் அடியில் வெள்ளை பூக்கும். அந்தச் சுண்ணாம்புப் படிவு 0.15 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறினாலே தடை 0.75 பக்கம் வந்துவிடும். அது ஒன்றே விட்ட இடம் முழுவதையும் தின்றுவிடும். அதனால் ஹாட் வாட்டரை மூடிய சுற்றாக வையுங்கள். ஒரு முறை நிரப்பிய மென்தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றட்டும். தாமிரபரணித் தண்ணீர் கிடைத்தாலும் சாஃப்ட்னர் வழியாகவே விடுங்கள். நீராவியை நேரே தண்ணீரில் விட்டுச் சூடாக்கி, மிஞ்சியதை வழியவிடுகிற ஏற்பாட்டில் புதுத் தண்ணீர் ஓயாமல் உள்ளே வரும். அங்கே பாய்லருக்கு ஊற்றும் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும்.

படிவு எவ்வளவு ஆகிவிட்டது என்று பிளேட்டைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ளலாம். புதிதாக, சுத்தமாக இருக்கும்போது 72 டிகிரி பால் எடுக்க 85 டிகிரித் தண்ணீர் தேவையே இல்லை. என் கணக்கில் 81 டிகிரியே போதும், நான் சேர்க்காமல் விட்ட அந்தச் சில சதவீதத்தையும் சேர்த்தால் 82 என்று வையுங்கள். நாள் ஆக ஆக, அதே பால் ஓட்டத்துக்கு ஹாட் வாட்டர் நுழையும் சூடு 83, 84 என்று ஏறும். 85-ஐத் தொட்டும் பால் 72-க்குக் கீழே நழுவினால் இடம் தீர்ந்துவிட்டது, கழுவியாக வேண்டும். நாலு வாயிலிலும் தெர்மாமீட்டர் மாட்டச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நாலையும், பால் ஓட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பால் வாங்கிய வெப்பமும் தண்ணீர் இழந்த வெப்பமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள். தெர்மாமீட்டரோ ஓட்ட அளவோ தப்பு. ஒத்துப்போய், U மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அது படிவு. காஸ்டிக் சோடா கழுவல் முடிந்தவுடன் U பழைய இடத்துக்கு ஏறினால் படிந்தது பால் பக்கம். பால் பக்கம் சோடாவும் நைட்ரிக் அமிலமும் இரண்டும் போன பிறகும் ஏறவில்லை என்றால் தண்ணீர் பக்கம் சுண்ணாம்பு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தண்ணீர் பக்கத்துக்கும் அமிலக் கழுவல் உண்டு. ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிடாதீர்கள், ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஊசித் துளை விழும்.

என் கணக்கில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெப்பச் சுமையும் எல்எம்டிடியும் உறுதி. பாஸ், சேனல் எண்ணிக்கையும் உறுதி. U மட்டும் 20 சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம். காரணம், நெளிவின் கோணம் பிளேட்டுக்குப் பிளேட் மாறும். சாய்வு அதிகமான நெளிவில் பால் அதிகம் கலங்கும், U ஏறும், கூடவே அழுத்த இழப்பும் ஏறும். இது நீங்களோ நானோ வெளியில் இருந்து கண்டுபிடிக்கக் கூடியது அல்ல, செய்த கம்பெனியின் கணக்குத் தாளில்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். அதில் சுத்தமான U, படிவோடு சேர்ந்த U என்று இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். சுத்தமான U 3000 பக்கமும், படிவோடு உள்ள U 2450 பக்கமும் இருந்தால் 21 சரியான எண். தாளில் ஒரே பாஸ் என்று போட்டு, 21 பிளேட்டுக்கு U 3000-க்கு மேல் எழுதியிருந்தால், எந்த வேகத்தில் அது வருகிறது என்று கேளுங்கள்.

பம்ப்பையும் மறக்காதீர்கள். ஒரு பாஸிலிருந்து இரண்டு பாஸுக்குப் போனால் வேகமும் இரட்டிப்பு, ஓடும் தூரமும் இரட்டிப்பு. அழுத்த இழப்பு ஆறு ஏழு மடங்கு ஆகிவிடும். பால் பக்கம் எவ்வளவு இழப்பு என்று தாளில் இருக்கும், உங்கள் பம்ப் அதைத் தாங்குமா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, இரண்டு பாஸில் குழாய் இணைப்பு இரண்டு பக்கமும் வரும். பிளேட்டைப் பிரிக்கும்போது நகரும் தட்டில் உள்ள குழாயையும் கழற்ற வேண்டும். அங்கே கழற்றி மாட்டும் யூனியன் வைத்துவிட்டால் சிரமம் இல்லை. ஃப்ரேம் வாங்கும்போது இன்னும் எட்டுப் பிளேட்டாவது சேர்க்க இடம் விட்டு வாங்குங்கள். நாளைக்குப் பால் கூடினால் நாலு நாலாகச் சேர்க்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று மட்டும். 5 டிகிரிப் பாலை 72-க்கு முழுக்க முழுக்க ஹாட் வாட்டரிலேயே ஏற்றினால் 150 கிலோவாட்டும் பாய்லரிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பாலைத் திரும்பக் குளிரவைத்துப் பாக்கெட் போடுவதாக இருந்தால், 72 டிகிரிப் பாலின் சூட்டை வைத்தே உள்ளே வரும் குளிர்ந்த பாலை 62 வரை ஏற்றிவிடலாம். பாய்லருக்கு மிஞ்சும் வேலை பத்து டிகிரி, 22 கிலோவாட்தான். ஆனால் அங்கே இரண்டு பக்கமும் பால், ஓட்டமும் சமம் என்பதால் வெப்பநிலை வித்தியாசம் தொடக்கம் முதல் முடிவு வரை பத்து டிகிரிதான் இருக்கும். படிவையும் சேர்த்து U 2500 என்று வைத்தாலும் அந்தப் பகுதிக்கு மட்டும் 5 சதுர மீட்டருக்கு மேல், 42 பிளேட் பக்கம் வரும். பிளேட்டுக்கு ஒரு முறை கொடுக்கும் பணம், விறகுக்கோ டீசலுக்கோ தினமும் கொடுக்கும் பணம், இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டிய கணக்கு அது. உங்கள் பால் சூடான பிறகு தயிருக்குப் போகிறதா, பனீருக்கா, பாக்கெட்டுக்கா? அதையும் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அதையும் போட்டுத் தருகிறேன்.